கடலூர் இரும்புக் கட்டில்: அடித்த பெயின்ட் ஏன் நிற்கவில்லை?

பழைய இரும்புக் கட்டிலை வாங்கி, பற்றவைத்து, பெயின்ட் அடித்து விற்கும் தொழிலில் பணம் கரைவது பெரும்பாலும் விற்ற பிறகுதான். கட்டில் நல்ல விலைக்குப் போகும். ஒரு மாதம் கழித்து, "அண்ணே, பெயின்ட் எல்லாம் பொரிஞ்சு வருது, வந்து பாருங்க" என்று போன் வரும். போய் எடுத்துவர ஆட்டோ, மறுபடி சுரண்டும் வேலை, மறுபடி பெயின்ட், மறுபடி கொண்டுபோய்க் கொடுக்க ஆட்டோ. கட்டிலில் கிடைத்த லாபம் அதோடு முடிந்தது.

கடலூரில் இது மற்ற ஊர்களைவிட அதிகமாக நடக்கிறது. தேவனாம்பட்டினம், முதுநகர், அங்கிருந்து வடக்கே புதுச்சேரி வரைக்கும் கடலோரத் தெருக்களில் கிடைக்கும் கட்டில்கள் பல வருஷம் உப்புக்காற்றைக் குடித்தவை. கடலை விட்டு உள்ளே இருக்கும் ஊர்களில் சரிவரும் அதே முறை இங்கே சரிவராது. குழாயும் ஆங்கிளும் வைத்து, நடுவில் பட்டையோ தகடோ போட்ட சாதாரண ஒற்றைக் கட்டிலை எடுத்துக்கொண்டு, பெயின்ட் எப்படிக் கெடுகிறது, எதைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரிசெய்வது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, குறை எப்போது தெரிந்தது என்பதே. அடித்த அன்றோ மறுநாளோ தெரிந்தால் தின்னரையும் வானிலையையும் சந்தேகப்படுங்கள். சில நாளில் தோல் மாதிரி உரிந்தால் பெயின்ட் ஒட்டவே இல்லை என்று அர்த்தம், அடிப்பரப்பைப் பாருங்கள். ஒரு மாதம், இரண்டு மாதம் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு பொரிந்தால் காரணம் அனேகமாக உப்புதான். அதனால் அதிலிருந்தே தொடங்குவோம்.

ஒரு மாதத்துக்குப் பிறகு சின்னச் சின்னக் கொப்புளம், குத்தினால் பழுப்புத் தண்ணீர்

ஒரு குண்டூசியால் கொப்புளத்தைக் குத்திப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்து, கீழே இரும்பு கறுத்தோ பழுத்தோ இருந்தால் இது உப்பின் வேலை. கொப்புளம் வந்திருக்கும் இடத்தையும் பாருங்கள். பக்கச் சட்டத்தின் அடிப்பக்கம், பட்டை ஆங்கிளோடு சேரும் மூலை, வெல்டிங் மேடு, போல்ட் ஓட்டை இந்த நாலு இடத்தில்தான் முதலில் வரும். மேலே கண்ணுக்குத் தெரியும் தலைமாட்டுக் குழாய் பளபளவென்று இருக்கும். ஈரத்துணியால் துடைக்கிற இடம் அது. உப்பு அங்கே சேர்வதில்லை.

நடப்பது இதுதான். பழைய துருவின் குழிகளுக்குள் உப்பு உட்கார்ந்திருக்கிறது. மேலே எவ்வளவு தேய்த்தாலும் குழியின் அடியில் கொஞ்சம் தங்கிவிடும். அதற்கு மேல் பிரைமரும் எனாமலும் அடித்துவிட்டோம். பெயின்ட் படலம் பார்க்க மூடியதுபோல இருந்தாலும், காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்ல அதன் வழியே உள்ளே போகும். உள்ளே இருக்கும் உப்பு அந்த ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் சேரச் சேர பெயின்ட் தூக்கிக்கொள்கிறது. உப்பிலுள்ள குளோரைடு, இரும்பை அரித்த பிறகும் தீர்ந்துபோவதில்லை. துரு உண்டானதும் அது விடுபட்டு, அடுத்த இரும்பைப் போய்ப் பிடிக்கிறது. அதனால்தான் துளியூண்டு உப்பும் நிற்காமல் வேலை செய்துகொண்டே இருக்கிறது. இந்தக் குறைக்கு மேலே இன்னொரு கை பெயின்ட் அடிப்பது எந்த வகையிலும் உதவாது. விலை உயர்ந்த பெயின்டும் உதவாது.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. துருவைச் சீக்கிரம் எடுக்கக் கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றுகிற பழக்கம். துரு உடனே கரைந்து இரும்பு வெள்ளையாகத் தெரியும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். கடற்காற்று பல வருஷத்தில் கொண்டுவந்து சேர்க்கிற குளோரைடை நாமே ஒரே நாளில் ஊற்றிவிட்டோம். எவ்வளவு கழுவினாலும் மூட்டுகளுக்கும் குழாய்க்கும் உள்ளே போனது வெளியே வராது. ஒரு கட்டில் வெல்டிங் மூட்டுகளைச் சுற்றி மட்டும் வேகமாகத் துருப்பிடித்தால், முன்பு யாராவது ஆசிட் போட்டிருக்கிறார்களா என்று விற்றவரிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, சரிசெய்வது எப்படி? வேலையின் வரிசைதான் முக்கியம். நம் ஊரில் பலரும் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, துணியால் துடைத்து, உடனே ரெட் ஆக்சைடு அடிக்கிறார்கள். கழுவுவதே இல்லை. உப்பு தேய்த்தால் போகாது; தண்ணீரில் கரைந்துதான் போகும். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

கட்டிலை முழுக்கக் கழற்றுங்கள். தலைமாடு, கால்மாடு, பக்கச் சட்டங்கள் தனித்தனியாக இருக்க வேண்டும். பொரிந்த பழைய பெயின்டையும் கட்டித் துருவையும் கம்பி பிரஷ்ஷாலோ, கிரைண்டரில் மாட்டும் கப் பிரஷ்ஷாலோ எடுத்துவிடுங்கள். கிரைண்டரை ஒரே இடத்தில் அழுத்தி ஓட்டக் கூடாது. துரு போகாமல் மினுமினுவென்று மெழுகினதுபோல ஆகிவிடும். உப்பு அதற்கு அடியில் பத்திரமாக மாட்டிக்கொள்ளும். பிறகு சுடுதண்ணீரில் சோப்புத்தூள் கலந்து, நைலான் பிரஷ்ஷால் குழிகளுக்குள் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். அடுத்து வெறும் தண்ணீரில் இரண்டு மூன்று தரம் அலசுங்கள். துணியால் துடைத்து வெயிலில் காயவையுங்கள். காய்ந்ததும் 80 நம்பர் உப்புத்தாள் போட்டுவிட்டு, மறுபடியும் ஒருதரம் கழுவிக் காயவைக்க வேண்டும். உப்புத்தாள் திறந்துவிட்ட குழிகளுக்கு இந்த இரண்டாவது கழுவல் அவசியம்.

எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள் என்பதும் கேள்விதான். கடலோரத்தில் பல வீடுகளின் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதில் கழுவினால் உப்பை எடுக்க உப்பையே ஊற்றுகிறோம். சந்தேகமிருந்தால் ஒரு கண்ணாடித் துண்டில் சில சொட்டு விட்டு வெயிலில் காயவிடுங்கள். வெள்ளையாகத் திட்டமான வளையம் நின்றால் அந்தத் தண்ணீர் முதல் கழுவலுக்கு மட்டும் போதும்; கடைசி அலசலுக்குக் குடிதண்ணீரோ பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டிலுக்கு இரண்டு குடம் தாராளம்.

உப்பு போய்விட்டதா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. கழுவிக் காயவைத்த சட்டத்தை மழையும் பனியும் நேராகப் படாத தாழ்வாரத்தில் ஒரு ராத்திரி வைத்துவிடுங்கள். காலையில் பரப்பு முழுக்க மெல்லிய பழுப்பு படர்ந்திருந்தால் கவலை வேண்டாம், அது சாதாரண ஈரத்துரு. உப்புத்தாள் ஒரு இழுப்பில் போய்விடும். ஆனால் குழிகளில் மட்டும் கறுப்பாகவோ ஈரமாகவோ புள்ளி புள்ளியாக வேர்த்திருந்தால், உப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அந்த இடங்களை மட்டும் மறுபடி பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும்.

கழுவியும் ஆழமான குழிகளில் கறுப்பு போகவில்லை என்றால், பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு நீக்கி பெயின்ட் கடையில் கிடைக்கும். கையுறை போட்டு, அந்தக் குழிகளில் மட்டும் தடவி, டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, சொன்னபடியே கழுவியோ துடைத்தோ எடுங்கள். மிச்சம் பசையாக நின்றால் அதற்கு மேல் அடிக்கும் பிரைமர் ஒட்டாது. உப்பைக் கழுவாமல் நேராக இதைத் தடவுவதிலும் பயன் இல்லை.

உப்பு போய்விட்டது என்று தெரிந்ததும், ஈரத்துருவை உப்புத்தாளால் எடுத்த அன்றைக்கே பிரைமரை அடித்துவிட வேண்டும். காலை பத்து மணிக்கு மேல், இரும்பு தொட்டால் லேசாகச் சூடாக இருக்கும்போது அடிப்பது நல்லது. பிற்பகலில் கடற்காற்று திரும்பிவிடும். அதோடு ஈரமும் உப்பும் சேர்ந்தே வரும். மேலும், பிரஷ்ஷை முழுப் பரப்புக்கும் ஓட்டுவதற்கு முன்னால், சின்னப் பிரஷ்ஷால் விளிம்புகள், வெல்டிங் மேடு, போல்ட் ஓட்டையின் உதடு, பட்டை சேரும் சந்து இவற்றுக்கு மட்டும் தனியாக ஒரு கை பிரைமர் கொடுங்கள். கூர்மையான விளிம்பில் பெயின்ட் நிற்காமல் இருபுறமும் விலகிப் படலம் மெலிந்துபோகும். துரு முதலில் அங்கே எட்டிப் பார்ப்பதற்குக் காரணம் அதுதான். விளிம்புக்கு ஒரு கை, பிறகு முழுசுக்கும் இரண்டு கை பிரைமர், அதன்மேல் இரண்டு கை எனாமல். கடலோர வீட்டுக்குப் போகிற கட்டில் என்று தெரிந்தால் ரெட் ஆக்சைடுக்குப் பதிலாக இரண்டு பொருளைக் கலந்து அடிக்கும் எபாக்சி பிரைமர் போடலாம். செலவு கூடும், அந்தச் செலவை விலையில் சேர்த்துச் சொல்லுங்கள். உள்ளே நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கம் போகிற கட்டிலுக்கு நல்ல ரெட் ஆக்சைடே போதும்.

பழைய பெயின்டைச் சுரண்டும்போது ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் நிறையவே இருந்திருக்கலாம். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். கிரைண்டர் ஓட்டும் இடத்தில் குழந்தைகள் வேண்டாம். சாப்பிடுவதற்கு முன் கை கழுவுங்கள். முடிந்தவரை தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூள் பறக்காது. எப்படியும் கழுவப் போகிறோம், அதனால் நஷ்டமில்லை. சுரண்டிய தூளைப் பெருக்கி ஒரு பையில் கட்டிப் போடுங்கள், தோட்டத்தில் கொட்டாதீர்கள்.

நகத்தால் நெம்பினால் தோல் மாதிரி அகலமாக உரிகிறது

உரிந்த இடத்தில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். பழைய பெயின்ட் பளபளப்பாகவே தெரிந்தால், மேலே உப்புத்தாள் சரியாகப் படவில்லை. பளபளப்பு சாகும்வரை 120 நம்பர் தாள் போட்டு மறுபடி அடித்தால் தீர்ந்தது. கால்மாட்டில் மட்டும் உரிந்தால் எண்ணெய்ப் பசை காரணமாக இருக்கலாம். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு சாய்கிற தலைமாட்டிலும் இதே கதைதான். சோப்புத்தண்ணீர் போட்டுக் கழுவிய பிறகே உப்புத்தாள் போடுங்கள். கழுவாமல் தேய்த்தால் எண்ணெய் பரப்பு முழுக்கப் பரவிவிடும்.

உரிந்த இடத்தில் துருவே இல்லாமல் சாம்பல் கலந்த வெள்ளி நிறம் தெரிந்தால் அது ஜி.ஐ. குழாய். துத்தநாகப் பூச்சு போட்டது. பழசானால் பழுப்புத் துருவுக்குப் பதிலாக வெள்ளைத் தூள் பூத்திருக்கும். காந்தம் இதிலும் ஒட்டும், அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சாதாரண எனாமலை நேராகத் துத்தநாகத்தின் மேல் அடித்தால், ஈரம் சேர்ந்ததும் இரண்டும் வேதிவினையாடி நடுவில் சோப்பு போன்ற ஒரு அடுக்கு உண்டாகும். பெயின்ட் அப்படியே கழன்று வந்துவிடும். முழுக்க உரித்துவிட்டு, வெள்ளைத் தூளைக் கழுவி, லேசாக உப்புத்தாள் போட்டு, கடையில் ஜி.ஐ.க்கு என்றே கேட்டு வாஷ் பிரைமரோ எபாக்சி பிரைமரோ வாங்கி அடித்த பிறகுதான் எனாமல் போக வேண்டும். கட்டிலில் எல்லாக் குழாயும் ஒரே வகையாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கால் உளுத்துப்போனபோது யாரோ வீட்டில் கிடந்த தண்ணீர்க் குழாயை வெட்டிப் பற்றவைத்திருப்பார்கள். ஒரு காலில் மட்டும் உரிகிற கட்டில்களில் அனேகமாக இதுதான் காரணம்.

இரண்டாவது கை அடிக்கும்போதே சுருங்கிக்கொள்கிறது

முதல் கை உள்ளே காயாமல் மேலே மட்டும் தோல் கட்டியிருக்கும்போது இரண்டாவது கை அடித்தால் சுருங்கும். எனாமலில் கார் பெயின்ட் தின்னரை ஊற்றினாலும் சுருங்கும். அது அடியிலிருக்கும் எனாமலை இளக்கிவிடுகிறது. சிந்தெடிக் எனாமலுக்கு டர்பன்டைன் மட்டும்தான். சுருங்கியதை ஈரத்தோடு சரிசெய்ய முயல வேண்டாம். இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டு, நன்றாக இறுகிய பிறகு சுரண்டி, தேய்த்து, மெல்லிசாக ஒரு கை கொடுங்கள். கோட்டிங் கனமாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று தோன்றும். கனமான ஒரு கையைவிட மெல்லிய இரண்டு கை நம் ஊர் ஈரத்தில் சீக்கிரம் காயும்.

பிசுபிசுப்பு போகவில்லை, அல்லது மங்கி வெளுத்துவிட்டது

ஐப்பசி, கார்த்திகையில் இது வரும். சாயங்காலம் அடித்துவிட்டு வெளியே விட்டால், காய்வதற்குள் பனி படிந்து பளபளப்பு செத்துப்போகும். குறை மேலோட்டமானது, காய்ந்ததும் நைசான உப்புத்தாள் போட்டு, வெயில் வந்த காலையில் இன்னொரு மெல்லிய கை அடித்தால் சரியாகிவிடும். நாட்கணக்கில் விரலில் ஒட்டினால் டர்பன்டைனுக்குப் பதில் மண்ணெண்ணெய் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. அதைக் காயவைக்க வழியில்லை, சுரண்டி எடுக்க வேண்டியதுதான். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வாங்கிக் கழற்றிக் கழுவி வைக்கிற வேலையையும் வெல்டிங்கையும் செய்துகொண்டு, எனாமலை வெயில் விழுந்த நாட்களுக்கு ஒத்திவைப்பது நல்லது. பொங்கலுக்குப் பிறகு காற்று உலர்ந்துவிடும்.

கட்டிலின் காலடியில் தரையில் பழுப்புக் கறை

பெயின்டில் ஒரு குறையும் தெரியாது. வாங்கினவர் வீட்டு டைல்ஸில் மட்டும் வட்டமாகத் துருக்கறை. ரப்பர் புஷ்ஷைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே கறுத்த தண்ணீர் வரும். தரையைக் கழுவும் தண்ணீர் புஷ்ஷுக்குள் ஏறி நின்று, குழாயை உள்ளேயிருந்து தின்கிறது. பழைய கட்டில்களில் கடைசி இரண்டு மூன்று அங்குலம் காகிதமாக மெலிந்திருப்பது இதனால்தான்.

வெள்ளத்தில் நின்ற கட்டிலாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 2015 வெள்ளத்திலும், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய பெஞ்சல் புயல் மழையிலும் கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஏராளமான வீட்டுச் சாமான்கள் தண்ணீரில் நின்றன. அந்தக் கட்டில்கள் இப்போதும் விற்பனைக்கு வருகின்றன. போல்ட் ஓட்டை வழியாகக் குழாய்க்குள் சேறு போய் அடைத்திருக்கும். வாங்கும்போது தலைமாட்டை ஒருபக்கம் தூக்கிச் சாய்த்துக் காது கொடுத்துக் கேளுங்கள். மணல் உருளும் சத்தம் வந்தால் உள்ளே சேறு உண்டு. கால் நுனியை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள், குழியும் என்றால் வெட்ட வேண்டிய கால். ஒரு காந்தத்தையும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் பிடிப்பு தளர்ந்தால் அங்கே பட்டி அப்பி ஓட்டையை மறைத்திருக்கிறார்கள்.

சரிசெய்ய, உளுத்த பகுதிக்கு மேலே நல்ல இரும்பு வருகிற இடம்வரை வெட்டி, அதே கனமுள்ள குழாய்த் துண்டைப் பற்றவைக்க வேண்டும். பழைய கட்டில் குழாய் பெரும்பாலும் 16 அல்லது 18 கேஜ், அதாவது 1.6 அல்லது 1.2 மில்லிமீட்டர். 12 கேஜ் ராடில் ஆம்பியரைக் குறைத்து, விட்டு விட்டுப் புள்ளி வைக்கிற கை இருந்தால்தான் ஓட்டை விழாது. அடுத்தது, குழாயை மேலேயிருந்து தண்ணீர் விட்டு அலசுங்கள், தெளிவாக வரும்வரை. வெயிலில் நிமிர்த்தி நாலைந்து மணி நேரம் வடியவிட்டுக் காயவையுங்கள். புஷ்ஷுக்குச் சற்று மேலே, உட்பக்கம் பார்த்த மாதிரி ஒரு சின்ன ஓட்டை போட்டுவிட்டால் உள்ளே போகிற ஈரம் வெளியே வந்துவிடும். புஷ் மாட்டுவதற்கு முன் குழாயின் நுனியை பிரைமரில் முக்கி எடுங்கள். புஷ்ஷுக்குள் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகே பெயின்ட். பற்றவைத்த இடத்தின் கசடைச் சுத்தியலால் தட்டி எடுக்காமல் பெயின்ட் அடித்தால், பின்னால் அந்தக் கசடு பெயின்டோடு சேர்ந்து உதிரும்.

உட்கார்ந்தால் கிறீச் என்கிறது, ஆடுகிறது

பெயின்ட் நன்றாக இருந்தும் வாங்கினவர் மனம் கோணுவது இந்தச் சத்தத்தில்தான். சட்டம் மாட்டும் கொக்கிப் பள்ளத்தில் பெயின்ட் கனமாகப் போய் உட்கார்ந்திருந்தால் கொக்கி முழுசாக இறங்காது. அங்கே மட்டும் சுரண்டிவிட்டு மெழுகு தடவினால் போதும். பட்டையின் வெல்டிங் ஒரு முனையில் விட்டிருந்தாலும் சத்தம் வரும். ஒவ்வொரு பட்டையையும் நடுவில் அழுத்தி, முனையில் விரல் வைத்துப் பார்த்தால் அசைவது தெரியும். ஆட்டத்துக்குக் காரணம் கோணலாகவும் இருக்கலாம். ஒரு கயிற்றால் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இல்லை என்றால் கட்டில் கோணியிருக்கிறது. போல்ட்டைத் தளர்த்தி, நீளமான மூலையைத் தள்ளிச் சமப்படுத்தி இறுக்குங்கள். காலை நீட்டுவதற்கோ குறைப்பதற்கோ முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள்.

விற்றாயிற்று, ஆனால் கையில் எதுவும் நிற்கவில்லை

ஒரு கட்டிலின் கணக்கை முழுசாகப் பார்ப்போம். தேவனாம்பட்டினத்தில் ஒரு வீட்டிலிருந்து வந்த ஒற்றைக் கட்டில். நீலப் பெயின்ட் பல அடுக்கு, பக்கச் சட்டத்தின் அடியில் பொரிவு, நாலு கால் நுனியும் உளுத்தது, பட்டையில் இரண்டு விட்டிருந்தது. எடை 26 கிலோ. பழைய இரும்பு கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் காயலாங்கடை விலை 780. இந்தக் கணக்கை முதலில் போட்டுவிட வேண்டும். எல்லாம் கெட்டுப்போனாலும் திரும்பக் கிடைக்கிற பணம் அது. அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் நம் உழைப்பை நம்பிக் கொடுக்கிற பணம்.

1,300 ரூபாய்க்கு வாங்கியது. கொண்டுவர ஆட்டோ 200. கால் நுனிகளுக்கும் பட்டைக்கும் வெல்டிங் 400. பிரைமர் அரை லிட்டர், எனாமல் அரை லிட்டர், டர்பன்டைன், உப்புத்தாள், பிரஷ் எல்லாம் சேர்ந்து 480. புஷ்ஷும் போல்ட்டும் 70. மொத்தம் 2,450. மஞ்சக்குப்பத்தில் அறை எடுத்துத் தங்கும் இளைஞர் ஒருவர் 3,400-க்கு எடுத்துக்கொண்டார். கொண்டுபோகும் செலவு அவருடையது. மிச்சம் 950.

கழுவவும் தேய்க்கவும் சேர்த்து ஒரு நாள் வேலை, காயவைக்கிற நேரம் தனி. இந்தக் கட்டில் ஒருதரம் திரும்பி வந்தால் போக வர ஆட்டோ 400, மறுபடி பெயின்ட் சாமான் 400. 950-இல் மிஞ்சுவது 150. இரண்டு குடம் குடிதண்ணீர், கொஞ்சம் சோப்புத்தூள், காயவைக்க இன்னொரு வெயில் இதைத் தவிர்த்ததால் மிஞ்சியது எவ்வளவு, போனது எவ்வளவு என்று கணக்கே சொல்லிவிடும்.

கணக்கு தவறுகிற இன்னொரு இடம் வாங்கும் நேரம். கால் நுனி உளுத்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம், அது வெட்டி ஒட்டுகிற வேலை. பக்கச் சட்டத்தின் ஆங்கிள் உள்மூலையில் அடுக்கடுக்காக உப்பி, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் செதில் செதிலாக வந்தால் கதை வேறு. சட்டம் இரண்டையும் புதிதாகப் போட வேண்டும். இரும்பும் கூலியும் சேர்ந்து வாங்கிய விலையைத் தாண்டிவிடும். புதுக் கட்டில் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே போனாலே வாங்க வருகிறவர் புதுசுக்குப் போய்விடுவார், அதனால் விலையை ஏற்றியும் சரிக்கட்ட முடியாது. அப்படிப்பட்ட கட்டிலைக் காயலாங்கடை விலைக்குக் கொடுத்தால் மட்டும் எடுத்து, தலைமாட்டையும் கால்மாட்டையும் வேறு கட்டிலுக்கு வைத்துக்கொண்டு சட்டத்தை எடைக்குப் போட்டுவிடுங்கள்.

விற்கும்போது வாங்குகிறவரிடம் இரண்டு விஷயம் சொல்லி அனுப்புங்கள். முதல் இரண்டு வாரம் கட்டிலை ஈரத்துணியால் அழுத்தித் துடைக்க வேண்டாம், எனாமல் உள்ளே முழுசாக இறுக அவ்வளவு நாள் ஆகும். தரை கழுவிய பிறகு கால் புஷ்ஷைச் சுற்றி நிற்கிற தண்ணீரை ஒருதரம் துடைத்துவிடச் சொல்லுங்கள். ஒரு சின்ன டப்பாவில் மீந்த எனாமலை அடைத்துக் கையில் கொடுத்துவிட்டால், மாற்றும்போது கீறல் விழுந்தால் அவரே அங்கே தொட்டுவைத்துக்கொள்வார். கீறலை அப்படியே விட்டால் துரு அங்கிருந்துதான் பெயின்டுக்கு அடியில் நுழையும்.